அறுபது தாளிலும் 'மிக நன்று': சலூன் கருத்துப் படிவத்தில் எதைக் கேட்பது?

கேள்வி:

திருகோணமலை நகரில் பெண்களுக்கான சலூன் நடத்துகிறேன். என்னோடு இரண்டு பெண் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். வாடிக்கையாளரின் மனதை அறிய வேண்டும் என்று 14 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை அச்சடித்து, காசு கட்டும் மேசையில் பேனாவோடு வைத்தேன். இதுவரை அறுபது பேர் நிரப்பிவிட்டார்கள். ஏறக்குறைய எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' என்றே போட்டிருக்கிறார்கள். ஆனால் முதல்முறை தலைமுடிக்குச் சாயம் போட வந்தவர்களில் பலர் மறுபடி வரவேயில்லை என்பது என் பதிவுக் கொப்பியைப் பார்த்தால் தெரிகிறது. காத்திருக்கும் நேரம்தான் காரணம் என்று நினைத்து, மூன்றாவதாக ஒருவரை வேலைக்கு எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு முன் சரியான பதில் தரக்கூடிய சின்னப் படிவம் ஒன்றை எப்படி அமைப்பது? படிவத்தின் பிரதியையும் விலைப்பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த அறுபது தாள்களை எறிய வேண்டாம், ஆனால் அவற்றை நம்பவும் வேண்டாம். உங்கள் வேலையைப் பற்றி அவை சொல்வது குறைவு. அவை எங்கே, யார் முன்னால் நிரப்பப்பட்டன என்பதைத்தான் அதிகம் சொல்கின்றன. காசு கட்டும் மேசையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் கைப்பையைத் திறந்தபடி நிற்கிறார். ஒரு மணி நேரம் அவர் தலையைத் தொட்டு வேலை செய்த பிள்ளை, இரண்டடி தள்ளி நின்று தரையில் விழுந்த முடியைக் கூட்டுகிறாள். நீங்கள் மீதிக் காசு எண்ணுகிறீர்கள். அந்தப் பிள்ளையின் பெரியம்மா இவருடைய தெருவிலேயே இருக்கக்கூடும், திருகோணமலை அவ்வளவுதான். அந்த இடத்தில் நின்றுகொண்டு 'மோசம்' என்ற கட்டத்தில் அடையாளமிட யாருக்குத்தான் மனம் வரும்? நல்ல மனிதர்கள் பொய் சொல்லும் இடத்தில் மேசையைப் போட்டிருக்கிறீர்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. மேசையில் படிவம் நிரப்புகிறவர் அன்று வந்தவர். பெரும்பாலும் அடிக்கடி வருகிறவர். உங்களுடைய கவலையோ வராமல் போனவர்களைப் பற்றியது. அந்த அறுபது பேரில் அவர்கள் பெரும்பாலும் இருக்க முடியாது. ஆகவே உங்களுக்கு இரண்டு தனித்தனி வேலைகள் உள்ளன: இனி வருகிறவர்களுக்கு ஐந்து கேள்விகள், வராமல் போனவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் குழப்பக்கூடாது.

கேள்விகளை எழுதுமுன் ஒரு வெற்றுத் தாளை எடுத்து, 'பதில் இப்படி வந்தால் நான் இதைச் செய்வேன்' என்று எழுதிப் பாருங்கள். அப்படி எழுத முடியாத கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை. உங்கள் 14 கேள்விகளை இந்தச் சல்லடையில் போட்டுப் பார்த்தேன். வயதுப் பிரிவு தெரிந்தால் என்ன செய்வீர்கள்? ஒன்றுமில்லை. எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்? விளம்பரத்துக்குச் செலவழிக்கும்போது கேட்கலாம், இப்போது வேண்டாம். இன்று பெற்ற சேவை எது? அது உங்கள் கொப்பியிலேயே இருக்கிறது. தெரிந்ததைக் கேட்டு அவருடைய பொறுமையைச் செலவழிக்காதீர்கள். பாட்டுச் சத்தம், திரைச்சீலை, குளிர்சாதனம் எல்லாம் இதே கதைதான்.

மிஞ்சுவதிலும் கோளாறு இருக்கிறது. 'எங்கள் சேவையும் ஊழியர்கள் பழகும் விதமும் உங்களுக்குத் திருப்தி அளித்தனவா?' என்று ஏழாவது கேள்வி. வேலை நன்றாக இருந்து, பேச்சு பிடிக்காதவர் எதைப் போடுவார்? இரண்டில் நல்லதை நினைத்து 'ஆம்' என்று போட்டுவிடுவார். 'எங்கள் நியாயமான விலைகள் பற்றி உங்கள் கருத்து?' என்று பதினொன்றாவது. நியாயமான விலை என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்ட பிறகு அவர் என்ன சொல்ல? இந்த இரண்டும் எல்லா ஊரிலும் எல்லாப் படிவத்திலும் காணப்படுகிற பிழைகள்தான்.

மூன்றாவது கோளாறு கொஞ்சம் மறைவானது. 'திருப்தியா?', 'பிடித்ததா?' என்று கேட்டால் மரியாதைதான் பதிலாக வரும். 'எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?' என்று நடந்ததைக் கேட்டால் உண்மை வரும். அரை மணி நேரம் காத்திருந்தேன் என்று சொல்வதில் யாரையும் குறை சொன்ன உணர்வு இல்லை. அதனால் அபிப்பிராயத்தைக் குறைத்து, நடந்ததைக் கேளுங்கள்.

இனி, எப்போது கேட்பது. இது வேலைக்கு வேலை மாறும். புருவம் திருத்தியவருக்கு மறுநாளே எல்லாம் தெரிந்துவிடும். பேஷியல் செய்தவரிடம் இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள், தோல் சிவந்ததா, பரு வந்ததா என்பது அதற்குள் தெரியும். சாயம் போட்டவருக்கு உண்மை தெரிவது வீட்டில் தலை கழுவிய பிறகுதான். சலூன் விளக்கில், உலர்த்தி சீவிய முடியில் எந்த நிறமும் அழகாகத்தான் இருக்கும். வீட்டுக் கிணற்று நீரில் கழுவி, வெயிலில் நின்று கண்ணாடி பார்க்கும்போதுதான் அவர் தீர்ப்பு எழுதுகிறார். ஆகவே ஐந்தாம் அல்லது ஆறாம் நாள் மாலையில் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஒரு மாதம் தள்ளினால் காத்திருந்த நேரம் மறந்துவிடும்.

உங்கள் சிக்கல் சாயத்தில் இருப்பதால் சாயம் போட்டவர்களுக்கு மட்டும் ஒரு படிவம் அமைப்போம். நான் வைக்கும் ஐந்து கேள்விகள் இவை.

முதலாவது: 'உங்களுக்குச் சொன்ன நேரத்திலிருந்து வேலை தொடங்கும்வரை எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?' தெரிவுகள்: காத்திருக்கவில்லை, 15 நிமிடம் வரை, 16 முதல் 30 நிமிடம் வரை, 30 நிமிடத்துக்கு மேல், நேரம் பதியாமல் வந்தேன். கடைசித் தெரிவை விட்டுவிடாதீர்கள். சொல்லாமல் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தவரையும், பத்து மணிக்கு வரச்சொல்லி உட்கார வைக்கப்பட்டவரையும் ஒரே கணக்கில் சேர்த்தால் மூன்றாவது பிள்ளையை எடுப்பதா என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.

இரண்டாவது: 'கட்டிய தொகை, வேலை தொடங்குமுன் சொன்ன தொகையோடு ஒத்திருந்ததா?' தெரிவுகள்: ஒத்திருந்தது அல்லது குறைவாக இருந்தது; கூடியது, ஆனால் காரணத்தை முன்பே சொன்னார்கள்; கூடியது, காசு கட்டும்போதுதான் தெரிந்தது; தொடங்குமுன் தொகை எதுவும் சொல்லவில்லை; நினைவில்லை. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, நானே சேர்க்கிறேன். நீங்கள் இணைத்த விலைப்பட்டியலில் சாயத்துக்கு நேரே 'முதல்' என்று போட்டு ஒரு தொகை மட்டும் இருக்கிறது. முடியின் நீளத்துக்கும் அடர்த்திக்கும் ஏற்பச் சாயக் குழாய் ஒன்றுக்குப் பதில் இரண்டு ஆகலாம் என்பது உங்களுக்குத் தெரியும். இடுப்புவரை கூந்தல் வைத்திருப்பவருக்கு அது தெரியாது. விலை கூடுதலா என்று கேட்டால் எல்லோரும் கூடுதல் என்பார்கள். அதை வைத்து நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. விலை எப்போது தெரிந்தது என்பதை நாளைக்கே திருத்தலாம்.

மூன்றாவது: 'வீட்டில் முதல்முறை தலை கழுவிய பிறகு நிறம் எப்படி இருந்தது?' தெரிவுகள்: நான் கேட்டபடியே இருந்தது; சற்று வேறுபட்டது, ஆனால் பரவாயில்லை; நான் கேட்டதல்ல; இன்னும் கழுவவில்லை. ஒன்றிலிருந்து ஐந்துவரை நட்சத்திரம் போடச் சொல்ல வேண்டாம். ஒருவருடைய நாலு நட்சத்திரம் பாராட்டு, இன்னொருவருடைய நாலு நட்சத்திரம் மனக்குறை. சொற்களில் அந்தக் குழப்பம் குறைவு.

நான்காவது: 'அடுத்தமுறை தலைமுடிக்கு ஏதாவது செய்வதானால் எங்கே செய்ய நினைக்கிறீர்கள்?' இங்கேயே, வேறு சலூனில், வீட்டிலேயே, இன்னும் தீர்மானிக்கவில்லை. இந்த இடத்தில் பலர், 'எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் புள்ளி தருக' என்ற கேள்வியை வைப்பார்கள். பிரெட் ரைக்ஹெல்ட் என்ற அமெரிக்க ஆலோசகர் 2003இல் அறிமுகப்படுத்திய முறை அது. ஒன்பதும் பத்தும் தந்தவர்களின் சதவீதத்திலிருந்து ஆறும் அதற்குக் கீழும் தந்தவர்களின் சதவீதத்தைக் கழிப்பார்கள். ஆயிரக்கணக்கில் பதில் வரும் வங்கிக்கோ தொலைபேசி நிறுவனத்துக்கோ அது பயன்படலாம். இருபது பேர் பதில் சொல்லும் இடத்தில் ஒரே ஒருவர் ஒன்பதிலிருந்து ஆறுக்கு இறங்கினால் புள்ளி பத்து குறையும். அதைப் பார்த்து நீங்கள் கலங்குவதில் அர்த்தமில்லை. மேலும் இங்கே பலருக்குப் பத்துக்கு ஏழு என்பது நல்ல புள்ளி. அந்தக் கணக்கோ ஏழு என்ற புள்ளியை இரண்டு பக்கத்திலும் சேர்க்காது.

ஐந்தாவது மட்டும் எழுதிச் சொல்வது: 'அன்று ஏதாவது ஒன்று வேறு மாதிரி நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தால், அது எது?' உங்கள் படிவத்தில் 'வேறு கருத்துகள்' என்று நாலு கோடு போட்டிருக்கிறீர்கள். அதில் 'நல்ல சேவை, வாழ்த்துகள்' என்றுதான் எழுதுவார்கள். ஒன்றை மட்டும் கேட்டால், குறை சொல்ல நீங்களே அனுமதி கொடுத்ததாகிறது. நீங்கள் நினைத்தே பார்க்காத விஷயம் இங்கேதான் வரும். கதவு திறக்கும்போதெல்லாம் தெருவிலிருந்து உள்ளே தெரிகிறது, முக்காட்டைக் கழற்றி உட்காரக் கூச்சமாக இருக்கிறது என்று கிண்ணியாவிலிருந்து வருகிற ஒருவர் எழுதலாம். ஒரு திரைத் தடுப்பில் தீர்கிற காரியம், ஆனால் எந்தப் புள்ளிக் கட்டத்திலும் அகப்படாது.

படிவத்தை Google Forms இல் செய்யுங்கள், செலவில்லை. அமைப்புகளில் Limit to 1 response என்பதை இயக்காதீர்கள். இயக்கினால் பதில் சொல்கிறவர் தம் கூகுள் கணக்கில் உள்நுழைய வேண்டியிருக்கும். பாதிப் பேர் அங்கேயே கைபேசியை வைத்துவிடுவார்கள். மின்னஞ்சல் முகவரி சேகரிக்கும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். ஐந்தாவது கேள்வியைக் கட்டாயமாக்க வேண்டாம். கட்டாயமாக்கினால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அனுப்புவார்கள். சிங்களம் பேசும் வாடிக்கையாளருக்கு அந்த மொழியிலேயே தனிப் படிவம் வேண்டும். அதை அந்த மொழியை வீட்டில் பேசும் ஒருவர் எழுதட்டும். இணையம் பயன்படுத்தாத மூத்தவர்களிடம் உங்கள் உறவினர் யாராவது தொலைபேசியில் கேட்கலாம். நீங்கள் கேட்காதீர்கள், சாயம் போட்ட பிள்ளை கேட்கவே கூடாது.

அனுப்பும் செய்தியில் 'உங்கள் பெயர் இரகசியமாகக் காக்கப்படும்' என்று பெரிய வாக்குறுதி தர வேண்டாம். வாரத்துக்கு ஆறேழு பேருக்குச் சாயம் போடும் இடத்தில், செவ்வாய் மாலை வந்த பதில் யாருடையது என்று ஊகிக்க அதிக நேரம் ஆகாது. 'பெயர் கேட்கவில்லை. பதில்களை நான் மட்டுமே படிப்பேன்' என்று உள்ளதைச் சொல்லுங்கள். பிறகு அப்படியே நடந்துகொள்ளுங்கள். ஒரு பதிலைத் திறந்து காட்டி 'இது உன்னைப் பற்றித்தானே?' என்று பிள்ளையைக் கேட்டால், அந்தச் செய்தி இரண்டு நாளில் ஊரைச் சுற்றிவந்துவிடும், அதன் பிறகு எவரும் உண்மை எழுத மாட்டார்கள்.

அனுப்புமுன் மூன்று பேரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சரியா என்று கேட்காதீர்கள், 'இந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று உங்கள் சொல்லில் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். 'வேலை தொடங்கும்வரை' என்பதை ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்த நேரம் என்றும், மற்றவர் சாயம் குழைத்த நேரம் என்றும் எடுத்துக்கொண்டால் அந்தச் சொற்றொடரை மாற்ற வேண்டும்.

வராமல் போனவர்களுக்கு வருவோம். முதலில் யார் போனவர் என்று வரையறுக்க வேண்டும். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளர்கிறது. நரை மறைக்கச் சாயம் போட்டவருக்கு ஆறு வாரத்துக்குள் வேரில் வெள்ளை தெரியத் தொடங்கும். மூன்று மாதமாக உங்களிடம் வரவில்லையென்றால் அவர் வேறெங்கோ போட்டுக்கொண்டார், அல்லது வீட்டிலேயே போடுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். அழகுக்காக நிறம் மாற்றியவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அவர் ஆறு மாதம்கூட விட்டுவைப்பார். கொப்பியிலிருந்து பெயர் எடுக்கும்போது, மே தொடங்கிச் செப்டெம்பர் வரை நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வரும் சுற்றுலாப் பயணிகளையும், விடுமுறைக்கு லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்து போன உறவுகளையும், கலியாண வீட்டுக்காக மட்டும் வந்தவர்களையும் நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால் போகாதவர்களையும் போனவர்களாக எண்ணிக்கொண்டிருப்பீர்கள். நீக்கிய பிறகு பட்டியல் பாதியாகக் குறைந்து, பிரச்சினையே நீங்கள் நினைத்த அளவு பெரிதில்லை என்று தெரியவும் கூடும்.

மிஞ்சியவர்களுக்குப் படிவம் அனுப்ப வேண்டாம். இப்படி ஒரு செய்தி போதும்: 'வணக்கம். மாசி மாதம் எங்களிடம் சாயம் போட வந்திருந்தீர்கள். அதன் பிறகு வரவில்லை என்பதால் கேட்கிறேன்: எங்கள் பக்கத்தில் எதை மாற்றியிருந்தால் மறுபடி வந்திருப்பீர்கள்? ஒரு வரி எழுதினால் போதும்.' இதனுடன் கழிவுச் சீட்டு எதையும் இணைக்காதீர்கள். இணைத்தால் இது வாடிக்கையாளரைப் பிடிக்கும் விளம்பரமாகத் தெரியும், பதிலும் 'கட்டாயம் வருகிறேன் அக்கா' என்றுதான் வரும். இருபது பேருக்கு அனுப்பினால் ஆறு பேர் எழுதினாலும் நல்லதுதான். அந்த ஆறு வரிகளை எண்ணாதீர்கள், படியுங்கள்.

இனி வந்த பதில்களை வாசிக்கும் விதம். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். இரண்டு மாதத்தில் 24 பதில்கள் வந்தன என்று வையுங்கள். நான்காவது கேள்விக்கு 'இங்கேயே' என்று சொல்லாதவர்கள் ஒன்பது பேர். இவர்களைத் தயங்குகிறவர்கள் என்போம். பதிவு செய்தும் அரை மணிக்கு மேல் காத்திருந்தவர்கள் பத்துப் பேர். மொத்தத்தை மட்டும் பார்த்தால், '24 பேரில் பத்துப் பேரை உட்கார வைத்திருக்கிறோம், ஆள் எடுத்தே ஆக வேண்டும்' என்றுதான் தோன்றும். அங்கே நிற்காமல் இரண்டு பதில்களையும் சேர்த்துப் பாருங்கள். நீண்ட நேரம் காத்திருந்த பத்துப் பேரில் தயங்குகிறவர்கள் நாலு பேர். மற்றப் பதினாலு பேரில் ஐந்து பேர். ஏறக்குறைய ஒரே அளவு. காத்திருப்பு எரிச்சலூட்டியிருக்கலாம், ஆனால் ஆளை விரட்டவில்லை.

இப்போது இரண்டாவது கேள்வியை எடுங்கள். கூடுதல் தொகை காசு கட்டும்போதுதான் தெரிந்தது என்றவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஆறு பேர் தயங்குகிறார்கள். மற்றப் பதினைந்து பேரில் மூன்று பேர்தான். இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். இப்படி வந்தால் மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுப்பதை ஒத்திவைத்து, சாயத்தைக் குழைக்குமுன் முடியை அளந்து, ஆகப்போகும் தொகையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். செலவு ஒரு பேனா. உங்கள் பதில்கள் இதற்கு நேர்மாறாகவும் வரலாம். காத்திருந்தவர்களில்தான் பெரும்பாலோர் தயங்குகிறார்கள் என்றால் ஆள் எடுங்கள், அல்லது சாயத்துக்கு வருகிறவர்களுக்கு இன்னும் இடைவெளி விட்டு நேரம் கொடுத்துப் பாருங்கள்.

இந்த அளவுப் பதில்களைச் சதவீதமாக மாற்றாதீர்கள். '67 சதவீதம் அதிருப்தி' என்றால் மலைப்பாக இருக்கும், அது ஆறு பேர்தான். ஆறு, மூன்று என்று ஆட்களாகவே எண்ணுங்கள். ஒருவர் இருவர் மாறினால் முடிவு தலைகீழாகுமா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். காத்திருப்புக் கணக்கில் ஒருவர் மாறினாலே சாய்வு மாறிவிடும். விலைக் கணக்கில் இரண்டு பேர் மாறினாலும் சாய்வு அதே பக்கம்தான். பதில் சொல்லாதவர்களையும் குறித்து வையுங்கள்: 60 பேருக்கு அனுப்பி 24 பேர் பதில் தந்தார்கள் என்றால், மற்ற 36 பேரின் மனம் உங்களுக்குத் தெரியாது. 'இங்கேயே' என்று எழுதியவர் உண்மையில் வந்தாரா என்பதையும் படிவம் சொல்லாது. இரண்டு மாதம் கழித்து, சாயம் போட வந்தவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். படிவமும் கொப்பியும் முரண்பட்டால் கொப்பியையே நம்புங்கள்.

மாற்றம் செய்த பிறகு அதே ஐந்து கேள்விகளை ஒரு சொல்லும் மாற்றாமல் மறுபடி அனுப்புங்கள். இடையில் 'காத்திருந்தீர்களா?' என்று திருத்தி எழுதினால் முன்னதையும் பின்னதையும் ஒப்பிட முடியாது. ஆனால் ஆண்டு முழுவதும் அனுப்பிக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஒரே ஆளுக்கு ஒவ்வொரு வருகைக்கும் படிவம் வந்தால் மூன்றாம் முறை திறக்கமாட்டார். சித்திரைப் புத்தாண்டுக்கும் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முந்திய வாரங்களைத் தவிருங்கள். அப்போது எல்லாச் சலூனிலும் கூட்டம்தான், காத்திருப்புக் கணக்கு அந்த நெரிசலைத்தான் காட்டும்.

படிவம் பெற்றவர்களுக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால், அடுத்த வருகையில் புருவம் திருத்துவதை இலவசமாகச் செய்துவிடுங்கள்; பெயர் கேட்காததால், பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி. அத்துடன், நல்லதாக எழுதியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, கூகுள் வரைபடத்தில் மதிப்புரை எழுதச் சொல்லும் ஆசை வரும். அதை அடக்கிக்கொள்ளுங்கள், அப்படிப் பொறுக்கிக் கேட்பது கூகுளின் விதிகளுக்கு எதிரானது. மதிப்புரை வேண்டுமென்றால் வந்த எல்லோரிடமும் கேளுங்கள், அதற்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். இந்தப் படிவத்தின் அடியில் அதைச் சேர்த்தால் ஐந்து கேள்விகளின் பதிலும் மறுபடி 'மிக நன்று' ஆகிவிடும்.